119 டாலரிலிருந்து ஒரு பைசாவுக்குக் கீழே: லூனா குமிழி வீங்கியதும் வெடித்ததும் எப்படி?

2022 ஏப்ரல் முதல் வாரத்தில் லூனா என்ற கிரிப்டோ காயினின் விலை 119 டாலரைத் தொட்டது. அதுதான் அதன் உச்சம். மே 13ஆம் தேதி அதே காயின் ஒரு பைசாவுக்கும் கீழே போனது. லூனாவும் அதனுடன் பிணைக்கப்பட்டிருந்த டெராயூஎஸ்டி என்ற இன்னொரு காயினும் சேர்ந்து சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பை இழந்தன. அதில் பெரும்பகுதி போனது ஒரே வாரத்தில்.

'கிரிப்டோன்னாலே அப்படித்தான்' என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் இந்தச் சரிவு ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்த இடி இல்லை. பொருளாதார வரலாற்றாசிரியர் சார்லஸ் கிண்டில்பெர்கர் 1978இல் வெளியிட்ட நிதி நெருக்கடிகள் பற்றிய நூலில், ஹைமன் மின்ஸ்கியின் கருத்தை அடிப்படையாக வைத்து, ஒரு குமிழி கடந்துபோகும் கட்டங்களை விவரித்திருந்தார். முதலில் புதிதாக ஏதோ ஒன்று வருகிறது. பிறகு பணம் குவிகிறது. மூன்றாவதாக, இது கீழே போகவே போகாது என்ற பரவசம். நான்காவது கட்டத்தில் விவரம் தெரிந்தவர்கள் மெல்ல நழுவுகிறார்கள். ஐந்தாவதாக, எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடுகிறார்கள்.

அவர் எழுதும்போது கிரிப்டோ என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. ஆனாலும் லூனாவின் கதை அந்த ஐந்து கட்டங்களிலும் வரிசையாக நின்று போயிருக்கிறது. பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி பொது பிளாக்செயினில் பதிவானதால், யார் எப்போது வெளியேறினார்கள் என்பதைக்கூட பின்னால் எண்ணிப் பார்க்க முடிந்தது. அதனால்தான் இந்த ஒரு கேஸை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

கட்டம் 1: புதுசா ஒண்ணு வருது

பிட்காயின் விலை தினமும் ஆடும். அதனால் கிரிப்டோ சந்தைக்குள்ளேயே ஆடாத ஒரு காயின் தேவைப்பட்டது. ஒரு காயின் எப்போதும் ஒரு டாலர் என்று வாக்குறுதி தரும் ஸ்டேபிள்காயின்கள் அப்படித்தான் வந்தன. வழக்கமான முறை எளிமையானது: நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால், நிறுவனம் அதை வங்கியிலோ அமெரிக்க அரசுப் பத்திரத்திலோ போட்டுவிட்டு, உங்களுக்கு ஒரு காயின் தரும். திருப்பிக் கொடுத்தால் டாலர் கிடைக்கும்.

டோ க்வான், டேனியல் ஷின் ஆகிய தென்கொரியர்கள் 2018இல் தொடங்கிய டெராஃபார்ம் லேப்ஸ் வேறு வழியில் போனது. அவர்களின் டெராயூஎஸ்டிக்குப் பின்னால் டாலர் இல்லை. ஒரு விதி மட்டும் இருந்தது. சந்தையில் யூஎஸ்டி என்று அழைக்கப்பட்ட அந்தக் காயின் ஒன்றைக் கொடுத்தால், ஒரு டாலர் மதிப்புள்ள லூனா கிடைக்கும். ஒரு டாலர் மதிப்புள்ள லூனாவைக் கொடுத்தால் ஒரு யூஎஸ்டி கிடைக்கும். கொடுத்தது அழிக்கப்படும், பெறுவது புதிதாக அச்சாகும்.

யூஎஸ்டி 98 சென்ட்டுக்கு இறங்கினால் என்ன ஆகும்? வியாபாரிகள் அதை 98 சென்ட்டுக்கு வாங்கி, விதிப்படி ஒரு டாலர் லூனாவாக மாற்றி, உடனே விற்று 2 சென்ட் லாபம் பார்ப்பார்கள். அப்படி வாங்க வாங்க, விலை மறுபடி ஒரு டாலருக்கு ஏறிவிடும். பேப்பரில் பார்த்தால் கச்சிதமான ஐடியா. ஆனால் இது முழுக்க ஒரே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: கையில் வரும் லூனாவை வாங்க சந்தையில் ஆள் இருக்க வேண்டும்.

2020 செப்டம்பரில் யூஎஸ்டி அறிமுகமானது. 2021 தொடக்கத்தில் ஒரு லூனாவின் விலை ஒரு டாலர்கூட இல்லை.

கட்டம் 2: பணம் குவிகிறது

ஒரு டாலர் எப்போதும் ஒரு டாலராகவே இருக்கும் காயினை யார் வாங்கி வைத்துக்கொள்வார்கள்? அதற்கு ஒரு காரணம் வேண்டும். 2021 மார்ச்சில் அந்தக் காரணம் வந்தது. ஆங்கர் என்ற தளத்தில் யூஎஸ்டியை டெபாசிட் செய்தால் ஆண்டுக்கு சுமார் 19.5% வட்டி. அந்தச் சமயத்தில் நம் ஊர் பெரிய வங்கிகளில் ஓராண்டு எஃப்டிக்கு 5% சுற்றித்தான் கிடைத்தது. டாலர் டெபாசிட்டுக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ ஒன்றுமே கிடைக்கவில்லை.

வட்டிக்காகப் பலர் யூஎஸ்டி வாங்கினார்கள். புது யூஎஸ்டி வேண்டுமென்றால் லூனாவை அழிக்க வேண்டும். லூனா குறையக் குறைய அதன் விலை ஏறியது. விலை ஏறியதைப் பார்த்து மேலும் பலர் வந்தார்கள். சரிவில் நடக்கப்போவதும் இதே சுழற்சிதான், திசை மட்டும் தலைகீழ்.

சரி, அந்த 19.5% எங்கிருந்து வந்தது? ஆங்கரில் கடன் வாங்கியவர்கள் கட்டும் வட்டியிலிருந்து என்பதுதான் திட்டம். ஆனால் டெபாசிட் செய்தவர்களின் பணத்தோடு ஒப்பிட்டால் கடன் போனது மிகக் குறைவு. 2022 மே தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த சுமார் 1,800 கோடி யூஎஸ்டியில், ஏறத்தாழ 1,400 கோடி ஆங்கரில்தான் கிடந்தது. 1,400 கோடிக்கு 19.5% என்றால் ஆண்டுக்கு சுமார் 270 கோடி டாலர். அதைக் கடன் வட்டியால் ஈடுகட்ட முடியவில்லை. வித்தியாசம் ஒரு ரிசர்வ் நிதியிலிருந்து போனது. அது வற்றத் தொடங்கியதும், 2022 பிப்ரவரியில் லூனா ஃபவுண்டேஷன் கார்டு என்ற அமைப்பு 45 கோடி டாலரை அதில் கொட்டியது. அதுவும் வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. இது எதுவுமே ரகசியம் இல்லை. டெபாசிட், கடன், ரிசர்வ் மூன்றும் யார் வேண்டுமானாலும் திரையில் பார்க்கக்கூடிய எண்கள்.

கட்டம் 3: கீழே போகவே போகாது

பரவசக் கட்டத்தை விலையை மட்டும் வைத்து அடையாளம் காண முடியாது. எச்சரிக்கையைக்கூட நல்ல செய்தியாகப் படிக்கத் தொடங்குவதுதான் அதன் அடையாளம்.

2021 மே மாதம் யூஎஸ்டி ஒருமுறை 92 சென்ட் வரை சரிந்து, பிறகு மீண்டது. 'பார்த்தீங்களா, அல்காரிதம் தானே சரி பண்ணிக்கிச்சு' என்ற கதை பரவியது. அந்த மீட்சியே நம்பிக்கைக்கு சர்டிஃபிகேட் ஆகிவிட்டது. உண்மை பின்னால்தான் வெளிவந்தது. ஒரு பெரிய வர்த்தக நிறுவனம் திரைமறைவில் யூஎஸ்டியை வாங்கித்தான் விலையை மீட்டது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான எஸ்இசி 2023இல் தொடுத்த வழக்கில் குற்றம் சாட்டியது. 2025 ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, இந்த மீட்சியைப் பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக நம்பவைத்ததை டோ க்வானும் ஏற்றுக்கொண்டார்.

2022 ஜனவரியில் லூனா சுமார் 100 டாலரிலிருந்து பாதியாகச் சரிந்தது. அப்போது 'இது குமிழி' என்று சொன்னவர்கள் இரண்டே மாதத்தில் கேலிக்கு ஆளானார்கள். ஏனென்றால் விலை திரும்பவும் ஏறி புது உச்சத்துக்குப் போனது. பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியுடன் சுமார் 3.8 கோடி டாலருக்கு ஸ்பான்சர் ஒப்பந்தம் போடப்பட்டது. நம் நாட்டிலும் அதற்குச் சில மாதங்கள் முன்பு, டி20 உலகக் கோப்பை ஒளிபரப்பின் இடைவேளைகளில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் விளம்பரங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இதே நேரத்தில் லூனா ஃபவுண்டேஷன் கார்டு பிட்காயின் வாங்கிக் குவித்தது. மே தொடக்கத்தில் அதனிடம் 80,000 பிட்காயின் இருந்தது. மதிப்பு சுமார் 300 கோடி டாலர். அவசரத்துக்கு ஒரு அரண் இருக்கிறது என்று சந்தை மகிழ்ந்தது. தனக்குத் தானே நிற்கும் அல்காரிதத்துக்கு எதற்கு அரண் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. 1,800 கோடி வாக்குறுதிக்கு 300 கோடி அரண் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டவர்கள் அதைவிடக் குறைவு.

கட்டம் 4: விவரம் தெரிந்தவர்கள் நழுவுகிறார்கள்

ஏப்ரல் உச்சத்துக்குப் பிறகு லூனா ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தது. மே முதல் வாரத்தில் விலை சுமார் 80 டாலர். அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்திக்கொண்டிருந்ததால், பிட்காயின் உட்பட சந்தை முழுவதுமே தளர்ந்திருந்தது.

மே 7, சனிக்கிழமை. ஸ்டேபிள்காயின்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் கர்வ் என்ற தளத்தில் யூஎஸ்டிக்கு ஒரு பொதுக் கையிருப்பு உண்டு. அதிலிருந்து டெராஃபார்ம் 15 கோடி யூஎஸ்டியை வெளியே எடுத்தது. புதிதாகத் தொடங்கவிருந்த வேறொரு கையிருப்புக்கு மாற்றுவதற்காக என்று சொல்லப்பட்டது. கையிருப்பு மெலிந்திருந்த அந்த நேரத்தில் யாரோ 8.5 கோடி யூஎஸ்டியைக் கொடுத்து வேறு டாலர் காயினாக மாற்றிக்கொண்டார்கள். யூஎஸ்டி 98.5 சென்ட் அளவுக்கு இறங்கியது.

ஒன்றரை சென்ட் என்பது பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஸ்டேபிள்காயினின் ஒரே வேலை ஒரு டாலராக இருப்பது. அந்த வேலையில் அது தடுமாறியதை, வார இறுதியிலும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். ஆங்கரிலிருந்து டெபாசிட்கள் வெளியேறத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை விலை கிட்டத்தட்ட ஒரு டாலருக்கு அருகில் வந்து நின்றபோது, பலருக்கு 'இன்னொரு 2021' போலத் தோன்றியது.

யார் முதலில் போனார்கள் என்பதற்குப் பதில் இருக்கிறது. ஜியாகெங் லியு, இகோர் மகரோவ், அன்டோய்னெட் ஷோர் ஆகிய ஆய்வாளர்கள் டெரா பிளாக்செயின் பரிவர்த்தனைகளை அலசி 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யாரோ ஒருவரின் சதியால் மட்டும் இது சரிந்தது என்ற பேச்சுக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. பெரிய தொகை வைத்திருந்த, அனுபவமுள்ள முதலீட்டாளர்கள் முதலில் வெளியேறினார்கள். சின்னத் தொகைக்காரர்கள் தாமதமாகத்தான் அசைந்தார்கள். அவர்களில் சிலர் 'விலை இறங்கியிருக்கு, வாங்கிடலாம்' என்று மேலும் வாங்கவும் செய்தார்கள்.

கட்டம் 5: ஒரே கதவு, எல்லோரும்

மே 9 திங்கட்கிழமை யூஎஸ்டி 70 சென்ட்டுக்கும் கீழே போனது. ஃபவுண்டேஷன் தன் பிட்காயின்களை இறக்கியது. டோ க்வான் ட்விட்டரில், மேலும் பணம் இறக்குகிறோம், அமைதியாக இருங்கள் என்ற தொனியில் எழுதினார். மறுநாள் விலை 90 சென்ட் வரை ஏறி, மே 11இல் 30 சென்ட் அளவுக்கு விழுந்தது.

இங்கதான் அந்தக் கச்சிதமான விதி தலைகீழாக வேலை செய்தது. 100 யூஎஸ்டியை ஒருவர் மாற்ற வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி அவருக்கு 100 டாலர் மதிப்புள்ள லூனா தர வேண்டும்.

- லூனா 80 டாலர் என்றால், அச்சடிக்க வேண்டியது 1.25 லூனா.
- லூனா 1 டாலர் என்றால், 100 லூனா.
- லூனா 1 சென்ட் என்றால், 10,000 லூனா.

வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளப் போவதில்லை, உடனே விற்பார். விற்பதால் விலை இறங்கும். விலை இறங்குவதால் அடுத்தவருக்கு இன்னும் அதிக லூனா அச்சடிக்க வேண்டும். கிரிப்டோ உலகில் இதை மரணச் சுழல் என்கிறார்கள். சரிவுக்கு முன் சுமார் 35 கோடியாக இருந்த லூனாக்களின் எண்ணிக்கை, முடிவில் 6.5 லட்சம் கோடியைத் தாண்டியது.

அதிகம் பேசப்படாத இன்னொரு விவரம் உண்டு. இந்த மாற்றும் கதவு மிகவும் குறுகலானது. நாளொன்றுக்கு சுமார் 29 கோடி டாலர் அளவுக்குத்தான் யூஎஸ்டியை லூனாவாக மாற்ற விதி இடம் தந்தது. 1,800 கோடியும் வெளியேற வேண்டுமென்றால் இரண்டு மாதம் ஆகும். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் சந்தையில் கிடைத்த விலைக்கு விற்றார்கள். அதனால்தான் யூஎஸ்டி விலை அவ்வளவு ஆழமாகச் சரிந்தது. மே 11இல் கதவைச் சுமார் நான்கு மடங்கு அகலமாக்க டோ க்வான் ஆதரவு தெரிவித்தார். அகலமான கதவு என்றால் இன்னும் வேகமாக அச்சாகும் லூனா. குறுகலாக வைத்தால் யூஎஸ்டி சாகும், அகலமாக்கினால் லூனா சாகும். இரண்டையும் காப்பாற்ற வழியே இல்லை என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது.

மே 12, 13 தேதிகளில் டெரா பிளாக்செயினே நிறுத்தி வைக்கப்பட்டது. எக்ஸ்சேஞ்ச்கள் வர்த்தகத்தை நிறுத்தின. 80,000 பிட்காயினில் மிஞ்சியது 313 என்று ஃபவுண்டேஷன் மே 16 அன்று அறிவித்தது.

அதன் பிறகு நெருப்பு பக்கத்து வீடுகளுக்குப் பரவியது. ஜூனில் செல்சியஸ் நிறுவனம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. லூனாவில் பெரும்பணம் போட்டிருந்த த்ரீ ஆரோஸ் கேபிடல் திவாலானது. இந்திய வாடிக்கையாளர்கள் பலர் பணம் வைத்திருந்த, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வால்ட் தளம் ஜூலை 4 அன்று கதவைச் சாத்தியது.

இந்தியாவில் இருப்பவருக்கு நஷ்டம் இரண்டு மடங்கு வலிப்பது ஏன்?

லூனா சரிவதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலம் முன்பு, 2022 ஏப்ரல் 1 முதல், கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி நடைமுறைக்கு வந்திருந்தது. பலரும் அந்த 30 சதவீதத்தைப் பற்றித்தான் பேசினார்கள். முக்கியமானது அதற்கு அடுத்த வரி: ஒரு கிரிப்டோவில் வந்த நஷ்டத்தை இன்னொரு கிரிப்டோ லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

உதாரணமாக, ஒருவர் அந்த ஆண்டில் பிட்காயின் விற்று 1 லட்சம் ரூபாய் லாபம் பார்த்தார், லூனாவில் 1 லட்சம் இழந்தார். கையில் மொத்த லாபம் பூஜ்ஜியம். ஆனால் வரி 30,000 ரூபாய், செஸ் தனி. பங்குச் சந்தை நஷ்டத்துக்குக் கிடைக்கும் சலுகை இங்கே கிடையாது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடும் கிடையாது. ஆங்கரின் 19.5 சதவீதத்தை எஃப்டி வட்டியோடு ஒப்பிட்டவர்கள் தவறவிட்டது இதைத்தான்.

அப்படின்னா, முன்கூட்டியே சொல்லிட முடியுமா?

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று ஓரளவு சொல்லலாம். எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் வெளியேறியவர் சொன்னது சரிதான். ஆனாலும் ஏப்ரல் வரை அவர் முட்டாளாகத்தான் தெரிந்தார். ஐந்து கட்டங்களைப் படித்துவிட்டு, உச்சத்தில் விற்றுவிடலாம் என்று நினைப்பவருக்கு இந்த மாதிரி எந்த வகையிலும் உதவாது. நான்காவது கட்டத்திலிருந்து ஐந்தாவதுக்குப் போக இங்கே எடுத்துக்கொண்டது இரண்டே நாள்.

'சந்தை திரும்ப வரும்' என்ற ஆறுதலிலும் ஒரு பொறி இருக்கிறது. பிட்காயின் 2022இல் 20,000 டாலருக்குக் கீழே போய், 2024 டிசம்பரில் 1 லட்சம் டாலரைத் தாண்டியது உண்மை. லூனா திரும்பவில்லை. சுழற்சி திரும்புவது சந்தைக்கு. நீங்கள் வைத்திருக்கும் காயினுக்கு அது பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டோ க்வானுக்கு 2025 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் 15 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதனாலும் காயின் விலை திரும்பி வரவில்லை.

விலை வரைபடத்தைவிட நம்பகமான அறிகுறிகள் வேறு இடத்தில் இருந்தன. லூனா விஷயத்தில் மூன்று கேள்விகள் போதுமானதாக இருந்திருக்கும். வட்டியைக் கட்டுவது யார், அவர்கள் கட்டும் தொகை போதுகிறதா? 2022 பிப்ரவரியிலேயே போதவில்லை என்று தெரிந்தது. அந்தக் காயினை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்? நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரே வட்டித் தளத்தில் கிடந்தது. எல்லோரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டால், கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? தினசரி 29 கோடி அகலமுள்ள ஒரு கதவும், 300 கோடி டாலர் பிட்காயினும்.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு திட்டத்தின் இணையதளத்திலோ எண்களிலோ பதில் கிடைக்கவில்லை என்றால், அதுவே ஒரு பதில். அதன் பிறகும் பணம் போடுபவர், முழுத் தொகையும் போனாலும் அடுத்த மாத வாடகையும் இஎம்ஐயும் தடைபடாத அளவுக்கு மட்டும் போடுவதுதான் கணக்குக்குப் பொருந்தும்.